ஐந்து ஸ்வோத்தியில் ஒளிந்திருக்கும் ஆறாம் வேற்றுமை

போலந்தின் பணத்துக்கு ஸ்வோத்தி என்று பெயர். 1995ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பழைய பணத்தில் பத்தாயிரத்தை ஒன்றாக்கிப் புதிய ஸ்வோத்தியை வெளியிட்டார்கள். அந்த வரிசையில் ஒன்று, இரண்டு, ஐந்து என மூன்று ஸ்வோத்தி நாணயங்கள் உண்டு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், பணத்தின் பெயர் மூன்றிலும் வேறாக இருப்பது தெரியும். முதல் நாணயத்தில் '1 ஸ்வோத்தி'. இரண்டாவதில் '2 ஸ்வோத்தெ'. மூன்றாவதில் '5 ஸ்வோத்திஹ்'. சில்லறைக் காசுகளிலும் இதே கதைதான். ஒரு காசு 'க்ரோஷ்', இரண்டு காசு 'க்ரோஷெ', ஐந்து காசும் பத்துக் காசும் 'க்ரோஷி'.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே சொல் மாறுவது நமக்கு வியப்பில்லை. ஒருமை பன்மையானது, அவ்வளவுதான். ஆனால் இரண்டும் பன்மை, ஐந்தும் பன்மை. பிறகு ஏன் அங்கே இன்னொரு மாற்றம்? தமிழில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், ஐந்நூறு ரூபாய் என்று சொல்லிக்கொண்டே போகலாம்; ரூபாய் அசையாது. போலிய மொழியில் நான்கைத் தாண்டியதும் பெயர்ச்சொல் தன் வேற்றுமையையே மாற்றிக்கொள்கிறது. '2 ஸ்வோத்தெ' என்பது எழுவாய் வேற்றுமையில் நிற்கும் பன்மை. '5 ஸ்வோத்திஹ்' என்பது ஆறாம் வேற்றுமையில் நிற்கும் பன்மை. நம் இலக்கணத்தில் 'உடைய', 'இன்' என்னும் பொருள் தரும் அதே ஆறாம் வேற்றுமைதான். நாணயத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து பிரித்தால் 'ஸ்வோத்திகளின் ஐந்து' என்று வரும்.

போலிய மொழியைப் பாடமாகப் படிக்கும் வெளிநாட்டவருக்கு இதை ஒரு விதியாக மட்டும் சொல்லிக் கொடுப்பதுண்டு: இரண்டு, மூன்று, நான்குக்கு எழுவாய்ப் பன்மை, ஐந்து முதல் ஆறாம் வேற்றுமைப் பன்மை, மனப்பாடம் செய்துகொள். எனக்கு அந்த முறையில் உடன்பாடில்லை. காரணம் தெரிந்தால் விதி தானாகவே நிற்கும். விதியின் விலக்குகள் என்று சொல்லப்படுபவைகூட விலக்குகளாக இல்லாமல் போய்விடும்.

காரணம் எண்களின் பிறப்பிலேயே இருக்கிறது. போலிய மொழி, ருசியம், செக், செர்பியம் போன்ற ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான பழைய மொழியில், ஒன்று முதல் நான்கு வரையிலான எண்கள் பெயரடைகள். 'நல்ல', 'பெரிய' போன்ற சொற்கள் எப்படித் தாம் சார்ந்த பெயருக்கு ஏற்பப் பாலும் எண்ணும் வேற்றுமையும் மாறி வந்தனவோ, அப்படியே இந்த நான்கும் மாறி வந்தன. பெயர்ச்சொல்தான் தலைவர், எண் அதன் பின்னால் போகிறது. அதனால் பெயர் எழுவாயாக இருந்தால் எழுவாய் வடிவத்திலேயே நின்றது.

ஐந்து முதல் பத்து வரையிலான எண்களோ முழுப் பெயர்ச்சொற்கள். ஐந்து என்பதற்கான ப்யென்ச் என்னும் சொல், எலும்பைக் குறிக்கும் கோஷ்ச் என்னும் சொல் எந்த வகையைச் சேர்ந்ததோ அந்தப் பெண்பால் வகையையே சேர்ந்திருந்தது. அதைப் போலவே வேற்றுமை உருபுகளை ஏற்றது. அதாவது அது ஒரு பொருளின் பெயர்: 'ஐந்து கொண்ட தொகுதி'. தொகுதி என்றால் எதன் தொகுதி என்ற கேள்வி வரும். அந்த 'எதன்' என்பதற்கு விடையாக வருவதுதான் ஆறாம் வேற்றுமைப் பன்மை.

இதே அமைப்பு தமிழில் எண்ணோடு இல்லை, கூட்டப் பெயர்களோடு இருக்கிறது. 'யானைகளின் கூட்டம் வந்தது' என்கிறோம். வந்தவை பல யானைகள். ஆனாலும் யானை ஆறாம் வேற்றுமையில் நிற்கிறது, கூட்டம்தான் எழுவாய், அதனால் வினை 'வந்தன' ஆகாமல் 'வந்தது' என்று ஒருமையில் முடிகிறது. கூட்டம் என்ற இடத்தில் ஐந்து என்ற எண்ணை வைத்துவிட்டால் போலிய வாக்கியம் கிடைத்துவிடும்.

வினையைப் பார்த்தாலே இது உறுதியாகும். மேசை மேல் இரண்டு ஸ்வோத்தி கிடந்தால், போலியர்கள் 'கிடக்கின்றன' என்ற பொருளில் லெஜோன் என்று பன்மை வினை சொல்வார்கள். ஐந்து கிடந்தால் லெஜி, அதாவது 'கிடக்கிறது', ஒருமை. பணம் கூடியது, வினை ஒருமைக்கு இறங்கியது! ஐந்து என்பது ஒரே ஒரு தொகுதி என்று மொழி நினைத்த காலத்தின் தடம் இது. இறந்தகாலத்தில் இன்னொன்றும் தெரிகிறது. 'ஐந்து ஸ்வோத்தி கிடந்தது' என்பதற்கு லெஜாவோ என்று வரும். அது ஒருமையில் அஃறிணைக்கு இணையான நடுப்பால் வடிவம். ஐந்து பெண்பாற் பெயராக இருந்தது என்றேன். அப்படியானால் வினையும் பெண்பாலில் அல்லவா வர வேண்டும்? ஐந்து என்னும் சொல் காலப்போக்கில் தன் பாலை இழந்துவிட்டது. பால் காட்ட எழுவாய் எதுவும் அகப்படாதபோது போலிய வினை நடுப்பாலில் போய் நின்றுகொள்ளும். ஒருமை மட்டும் பழைய நிலையின் எச்சமாகத் தங்கிவிட்டது.

எல்லை ஏன் சரியாக நான்கில் விழுந்தது என்ற கேள்வி இயல்பாகவே எழும். ஒரே பார்வையில் எண்ணாமலேயே அறியக்கூடியவை மூன்று நான்கு பொருட்கள்தான், அதனால் அந்த எல்லை என்று ஒரு விளக்கம் உண்டு. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் எல்லை எங்கே என்பதைத்தான் அது தொடுகிறது, ஆறாம் வேற்றுமை ஏன் என்பதை அல்ல. எல்லையாவது ஸ்லாவிய மொழிகளைவிட மிகப் பழையது. அவற்றின் தூரத்து உறவான வடமொழியிலும் அதே இடத்தில் கோடு இருக்கிறது. மூன்று என்பது ஆண்பாலில் த்ரயஹ, பெண்பாலில் திஸ்ரஹ, நடுப்பாலில் த்ரீணி என்று பாலுக்கு ஏற்ப மாறும். நான்கும் அப்படியே. பஞ்ச என்னும் ஐந்தில் அந்த மாற்றம் நின்றுவிடுகிறது. மூன்று பாலுக்கும் ஒரே வடிவம். பழைய மூலமொழி ஐந்து முதலான எண்களை உருபில்லாமல் விட்டிருந்தது. அந்த வெற்றிடத்தை ஸ்லாவிய மொழிகள் முழுப் பெயர்ச்சொற்களை உருவாக்கி நிரப்பின. ஆறாம் வேற்றுமை அங்கேதான் நுழைந்தது.

இந்த வரலாற்றுக்குச் சான்று தேடி ஓலைகளையும் ஏடுகளையும் புரட்ட வேண்டியதில்லை. போலிய எண்களின் பெயர்களுக்குள்ளேயே அது புதைந்து கிடக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பத்து என்பது ஜெஷென்ச். இருபது, முப்பது, நாற்பது ஆகியவை த்வாஜெஷ்ச்சா, த்ஷிஜெஷ்ச்சி, ச்தெர்ஜெஷ்ச்சி. ஐம்பதுக்கு வந்ததும் வால் மாறுகிறது: ப்யென்ஜெஷோந்த். அறுபது முதல் தொண்ணூறு வரை அதே 'ஜெஷோந்த்' வால்தான். முப்பதும் நாற்பதும் 'மூன்று பத்துகள்', 'நான்கு பத்துகள்' என்று எழுவாய்ப் பன்மையில் பத்தை வைத்துக் கட்டப்பட்டவை. ஐம்பது 'பத்துகளின் ஐந்து'. அங்கே பத்து ஆறாம் வேற்றுமைப் பன்மையில் இருக்கிறது. எண்ணப்படும் பொருளாகப் பத்தே வந்தபோதும் அதே விதி, அதே எல்லை. இன்றைய மொழியில் பத்தின் ஆறாம் வேற்றுமை வேறு வடிவத்தில் வருகிறது. 'ஜெஷோந்த்' இத்தகைய எண்ணுப் பெயர்களுக்குள் மட்டும் உறைந்து கிடக்கிறது.

இருபதின் வால் மட்டும் முப்பது, நாற்பதின் வாலோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது இருமை. வடமொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே இரண்டுக்கென்றே தனி எண் உண்டென்று படித்திருப்போம். பழைய போலிய மொழியிலும் அது இருந்தது. பிறகு வழக்கொழிந்து, இரண்டும் பன்மையோடு சேர்ந்துகொண்டது. இருபது அந்த இருமையை விடாமல் வைத்திருக்கிறது.

நூறுகளிலும் இதைச் சரிபார்க்கலாம். நூறு ஸ்தோ. இருநூறு த்வ்யெஷ்ச்செ: இருமை. முந்நூறு த்ஷிஸ்தா, நானூறு ச்தெரிஸ்தா: எழுவாய்ப் பன்மை. ஐந்நூறு ப்யென்செத், எழுநூறு ஷெதெம்செத்: ஆறாம் வேற்றுமைப் பன்மை. ஆயிரத்திலோ இது உறைந்த எச்சமே அல்ல, இன்றும் உயிரோடு நடக்கும் இலக்கணம். ஓராயிரம் திஷோன்ட்ஸ், இரண்டு முதல் நான்காயிரம் வரை திஷோன்ட்ஸெ, ஐந்தாயிரம் முதல் திஷென்ட்ஸி. நாணயத்தில் பார்த்த அதே மூன்று வடிவங்கள்.

இப்போது விலக்குகளுக்கு வருவோம். 'நான்குக்கு மேல் ஆறாம் வேற்றுமை' என்று சுருக்கமாகச் சொன்னால் அது தவறு. 22 ஸ்வோத்தி என்றால் மறுபடி எழுவாய்ப் பன்மை, ஸ்வோத்தெ. 23, 24க்கும் அப்படியே. 25இல் மீண்டும் ஸ்வோத்திஹ். 102க்கு ஸ்வோத்தெ. ஆனால் 12, 13, 14க்கு ஸ்வோத்திஹ், 112க்கும் ஸ்வோத்திஹ். மனப்பாடம் செய்பவரை வாட்டும் இடம் இது. எண்ணின் கட்டுமானத்தைப் பிரித்துப் பார்த்தால் வாட்டம் தீர்ந்துவிடும்.

இருபத்திரண்டு என்பது 'இருபது, இரண்டு' என்று இரு சொற்கள். பொருளின் பெயருக்குப் பக்கத்தில் நிற்பது இரண்டு. இரண்டு பெயரடையாகப் பிறந்தது. எனவே பொருள் எழுவாய் வடிவத்தில் நிற்கிறது. பன்னிரண்டு த்வானாஷ்ச்செ, இது தேய்ந்து ஒட்டிப்போன பழைய தொடர். அதன் மூல வடிவம் 'பத்தின் மேல் இரண்டு' என்று பொருள்படும். கடைசியில் நிற்பது பத்து. தேய்ந்து ஒரே சொல்லான பிறகு அதற்குள் இருக்கும் இரண்டுக்குப் பெயரோடு உறவு இல்லை. பன்னிரண்டு முழுவதும் பத்தைப் போல, ஐந்தைப் போல ஒரு தொகுதியாகிவிட்டது. எனவே ஆறாம் வேற்றுமை.

21 இன்னும் சுவையானது. ருசிய மொழியில் 21 ரூபிள் என்றால் கடைசியில் ஒன்று இருப்பதால் ரூபிள் ஒருமையிலேயே வரும். போலிய மொழியில் 21க்கு ஸ்வோத்திஹ்தான். யெதென் என்னும் ஒன்று இத்தகைய தொடரெண்ணில் பாலும் வேற்றுமையும் காட்டாமல் அப்படியே உறைந்துவிட்டது. பெயரை ஆளும் பொறுப்பு முழு எண்ணுக்கும் போய்விட்டது. உறவு மொழிகள் ஒரே மூலத்திலிருந்து கிளம்பி வேறு வேறு முடிவுக்கு வந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு, மூன்று, நான்குக்குக்கூட ருசியம் வேறு வழியில் போனது. அங்கே இருமை வடிவத்தின் எச்சம் மூன்றுக்கும் நான்குக்கும் பரவி, ஆறாம் வேற்றுமை ஒருமை என்று இன்று கொள்ளப்படுகிறது. போலிய மொழி மூன்றுக்கும் நான்குக்கும் உரிய பன்மையை இரண்டுக்குக் கொடுத்தது.

போலந்தில் ஒப்பந்தங்களிலும் விலைச்சீட்டுகளிலும் தொகையை இலக்கத்தில் எழுதிவிட்டு, 'எழுத்தில்' என்ற பொருளில் ஸ்வோவ்ன்யெ என்று போட்டுச் சொற்களிலும் எழுதுவார்கள். 5,252 ஸ்வோத்திக்கு அந்த வரியை எழுதிப் பார்ப்போம். முதலில் ஐந்தாயிரம்: ப்யென்ச் திஷென்ட்ஸி. ஐந்து வந்துவிட்டதால் ஆயிரம் ஆறாம் வேற்றுமைப் பன்மை. அடுத்து இருநூறு: த்வ்யெஷ்ச்செ. உள்ளே இருப்பது பழைய இருமை. பிறகு ஐம்பது: ப்யென்ஜெஷோந்த். உள்ளே உறைந்த ஆறாம் வேற்றுமை. கடைசியில் இரண்டு: த்வா ஸ்வோத்தெ. இரண்டு பெயரடை, எனவே பணம் எழுவாய்ப் பன்மை. ஒரே தொகைக்குள் நான்கு முறை எண்ணும் பொருளும் சந்தித்து, ஒவ்வொரு முறையும் தத்தம் பிறப்பின்படி நடந்துகொண்டன. இதையே 5,212 ஆக்கினால் முன்பாதி அப்படியே இருக்கும். முடிவு மட்டும் த்வானாஷ்ச்செ ஸ்வோத்திஹ் என்று மாறும்.

தவறு நேரும் இடங்களும் இதனால் முன்கூட்டியே தெரிகின்றன. வெளிநாட்டவர் 22க்கு ஸ்வோத்திஹ் என்றோ 12க்கு ஸ்வோத்தெ என்றோ சொல்லிவிடுவார்கள். கேட்கும் போலியருக்குத் தொகை புரியும், காது உறுத்தும். கணினி நிரல்களில் இன்னொரு வகைத் தவறு உண்டு. ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய நிரல் ஒன்றுக்கு ஒரு வடிவம், மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு வடிவம் என்று இரண்டே இடங்களை ஒதுக்கியிருக்கும். போலிய மொழிக்கு அது போதாது. மென்பொருள் மொழிபெயர்ப்புக்குப் பரவலாகப் பயன்படும் GNU gettext என்னும் கருவியின் கையேடு, இந்தச் சிக்கலை விளக்கப் போலிய மொழியில் கோப்பைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறது. நிரல் எண்ணைச் சோதிக்கும் வரிசை எளிது. எண் ஒன்றேதானா? ஆம் என்றால் ஒருமை. இல்லையெனில் கடைசி இலக்கம் 2, 3, 4இல் ஒன்றா, அதே சமயம் கடைசி இரண்டு இலக்கங்கள் 12, 13, 14 அல்லாமல் இருக்கின்றனவா? அப்படியானால் எழுவாய்ப் பன்மை. மீதி எல்லாவற்றுக்கும், சுழியம் உட்பட, ஆறாம் வேற்றுமைப் பன்மை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சொற்கட்டுமானத்தை இரண்டு கேள்விகளில் அடக்கிய சோதனை அது.

எண் அல்லாத அளவுச் சொற்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவையே. 'எத்தனை', 'நிறைய', 'சில' ஆகியவற்றுக்கான போலியச் சொற்களுக்குப் பின்னாலும் ஆறாம் வேற்றுமைதான். ஒரு கிலோ ஆப்பிள் என்றால் 'ஆப்பிள்களின் கிலோ'. ஆண்டைக் குறிக்கும் சொல்லில் மாற்றம் இன்னும் வெளிப்படையானது. ஓர் ஆண்டு ரோக். இரண்டு ஆண்டு லாதா. ஐந்து ஆண்டு லாத். கோடைக்காலத்தைக் குறிக்கும் லாதோ என்னும் சொல்லின் பன்மை, ஆண்டுக்கும் பன்மையாக அமர்ந்துவிட்டது. ஆறாம் வேற்றுமைப் பன்மையில் அது ஈற்று உயிரையும் உதிர்த்து லாத் என்று மொட்டையாக நிற்கிறது. பிறந்தநாள் விழாக்களில் போலியர்கள் பாடும் 'ஸ்தோ லாத்' என்ற பாட்டின் பெயர் நூறாண்டு என்பதுதான்.

இத்தனைக்கும் பிறகு ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். எண்ணும் பொருளும் சேர்ந்த தொடர் வாக்கியத்தில் எழுவாயாகவோ செயப்படுபொருளாகவோ இருக்கும்போதுதான் இந்த ஆறாம் வேற்றுமை தனித்துத் தெரியும். 'ஐந்து ஸ்வோத்தியோடு' என்று மூன்றாம் வேற்றுமைக்குப் போனால், ஐந்து ப்யென்ச்சோமா ஆகும். பணமும் அதனோடு ஒத்து ஸ்வோத்திமி என்று மூன்றாம் வேற்றுமையையே ஏற்கும். ஸ்வோத்திஹ் அங்கே வராது. ஐந்து பெயர்ச்சொல்லாகவே இருந்த காலத்தில், 'கூட்டத்தோடு' என்று சொன்னாலும் யானைகள் 'யானைகளின்' என்றே இருப்பதைப் போல, பொருள் ஆறாம் வேற்றுமையிலேயே தங்கியிருந்தது. பின்னர் ஐந்து பாதி வழியில் பெயரடையின் பக்கம் நகர்ந்தது. எழுவாய் இடத்தில் பழைய தலைமையை விடவில்லை. பிற வேற்றுமைகளில் விட்டுக்கொடுத்துவிட்டது. போலிய ஐந்து இன்று பெயரும் இல்லை, பெயரடையும் இல்லை. அதனால்தான் இலக்கண நூல்கள் எண்ணைத் தனிச்சொல் வகையாக வைக்கின்றன.

ஆயிரமும் மில்லியனும் அப்படி நகரவில்லை. 'ஆயிரம் ஸ்வோத்தியோடு' என்றால் ஆயிரம் மட்டும் திஷோன்ட்ஸெம் என்று மூன்றாம் வேற்றுமையை ஏற்கும்; பணம் ஸ்வோத்திஹ் என்று ஆறாம் வேற்றுமையை விட்டு அசையாது. ஐந்து முன்பு எப்படி நடந்துகொண்டது என்பதை இன்று ஆயிரம் நடந்து காட்டுகிறது.

ஆண்களை எண்ணும்போது ஆறாம் வேற்றுமை எதிர்த்திசையில், கீழ்நோக்கியும் பரவியிருக்கிறது. இரண்டு மாணவர்கள் வந்தார்கள் என்பதைப் பழைய முறைப்படி எழுவாய்ப் பன்மையும் பன்மை வினையுமாகச் சொல்லலாம். ஆனால் ஐந்துக்கு உரிய அமைப்பை அப்படியே இரண்டுக்கு எடுத்து, மாணவரை ஆறாம் வேற்றுமையிலும் வினையை நடுப்பால் ஒருமையிலும் வைத்துச் சொல்வதும் சரியான போலிய மொழியே. இன்றைய பேச்சில் அது சாதாரணமாகக் கேட்கும். நான்கில் நின்ற கோடு, ஆண்களைப் பொறுத்தவரை ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே இறங்கி வந்துகொண்டிருக்கிறது.